தினசரி மீட்டிங்கைக் குறைக்கணுமா? மேனேஜரிடம் 'நான்கு வாரச் சோதனை' கேட்பது எப்படி?

2023 ஜனவரியில் கனடாவின் ஷாப்பிஃபை நிறுவனம் ஒரு காரியம் செய்தது. இரண்டு பேருக்கு மேல் கலந்துகொள்ளும் வாராந்திர, தினசரி மீட்டிங்குகளை ஊழியர்களின் காலண்டரிலிருந்து ஒரே அடியாக நீக்கியது. புதன்கிழமைகளில் மீட்டிங்கே வேண்டாம் என்றது. அதே ஆண்டு ஜூலையில், ஒரு மீட்டிங் நடத்த எவ்வளவு செலவாகும் என்று காலண்டரிலேயே காட்டும் வசதியையும் கொண்டுவந்தது.

நிறுவனத்தின் தலைமையே முடிவெடுத்தால் இது சாத்தியம். ஆனால் டீமில் ஒருவராக இருப்பவர் என்ன செய்ய முடியும்? தினமும் காலை 10 மணிக்கு 45 நிமிடம் போகிறது. அதில் நம் வேலையைப் பற்றிய பேச்சு 3 நிமிடம்தான். "இந்த மீட்டிங் வேஸ்ட்" என்று சொன்னால் அதை நடத்துகிறவருக்குக் கோபம் வரும். சொல்லாமல் இருந்தால் மைக்கை மியூட் செய்துவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. மீட்டிங்கை ரத்து செய்யச் சொல்லாமல், குறிப்பிட்ட காலத்துக்கு மாற்றிப் பார்க்க அனுமதி கேட்பது. அதை எப்படிக் கேட்பது, முடிவை எப்படி அளப்பது என்பதை ஓர் எடுத்துக்காட்டு டீமை வைத்துப் பார்க்கலாம்.

'ரத்து' என்று கேட்காமல் 'சோதனை' என்று ஏன் கேட்க வேண்டும்?

மேனேஜரின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். மீட்டிங்கை எடுத்துவிட்டு, அதன் பிறகு ஏதாவது சொதப்பினால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். நேரம் மிச்சமானால் பலன் டீமுக்கு, தவறு நடந்தால் பழி அவருக்கு. அதனால் "இப்போதைக்கு இப்படியே போகட்டும்" என்பதுதான் அவருக்குப் பாதுகாப்பான பதில்.

சோதனை என்றால் இந்தக் கணக்கு மாறிவிடும். தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் இருக்கும். எந்த நிலை வந்தால் உடனே பழையபடி திரும்புவோம் என்பதும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். அவர் எடுக்க வேண்டிய முடிவு சின்னது, திரும்பப் பெறக்கூடியது. இதற்கு 'சரி' சொல்வது எளிது.

முதலில் எந்த மீட்டிங்கைத் தொடுவது?

ஒரே ஒரு மீட்டிங்கைத்தான். நான்கை ஒன்றாக மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று கடைசியில் யாருக்கும் தெரியாது.

அந்த ஒன்றும் உங்கள் டீமின் கையில் இருக்கும் மீட்டிங்காக இருக்க வேண்டும். பெங்களூரு, ஹைதராபாத், புனே போன்ற ஊர்களில் உள்ள மென்பொருள் சேவை நிறுவனங்களில் பல மீட்டிங்குகள் வாடிக்கையாளர் கேட்டு நடப்பவை. சில, ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டவை. அவற்றை மாற்ற உங்கள் மேனேஜருக்கே அதிகாரம் இருக்காது. அங்கே கை வைத்தால் யோசனை முதல் நாளே செத்துவிடும்.

நம் எடுத்துக்காட்டு டீம் பெங்களூருவில் இருக்கிறது. 9 பேர்: ஒரு லீட், ஆறு டெவலப்பர்கள், இரண்டு டெஸ்டர்கள். தினமும் காலை 10 மணிக்கு 45 நிமிட ஸ்டாண்ட்-அப். புதன் மாலை நியூயார்க்கில் இருக்கும் வாடிக்கையாளருடன் ஒரு மணி நேரக் கால். இதில் புதன் காலைத் தொடப்போவதில்லை. காலை ஸ்டாண்ட்-அப் மட்டும்தான் இலக்கு.

கேட்கப் போகும் முன் லீடிடம் தனியாக ஒரு கேள்வி: "இந்த மீட்டிங்கிலிருந்து உங்களுக்குக் கட்டாயம் வேண்டியது என்ன?" பதில் நீங்கள் நினைக்காததாக இருக்கலாம். 11 மணிக்கு டெலிவரி மேனேஜருக்கு நிலவரம் சொல்ல வேண்டியிருக்கும், அதற்கான தகவலை இங்கேதான் அவர் திரட்டுவார். அந்தத் தேவைக்கு இடமில்லாத எந்த யோசனையும் நிற்காது.

45 நிமிடத்தில் உண்மையில் என்ன நடக்கிறது?

யோசனை சொல்வதற்கு முன் ஒரு வாரம் குறிப்பெடுங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை நிமிடம் எல்லோருக்கும் பொதுவான பேச்சு, எத்தனை நிமிடம் இரண்டு மூன்று பேர் மட்டும் பேசிக்கொண்டது, அவ்வளவு போதும். யார் அதிகம் பேசினார் என்று எழுத வேண்டாம். அந்தக் காகிதம் வேறு யார் கையிலாவது கிடைத்தால் விஷயமே திசைமாறிவிடும்.

இந்தக் குறிப்புதான் மருந்தைத் தீர்மானிக்கும். பெரும்பாலான நாட்களில் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை, நேற்று சொன்னதையே இன்றும் சொல்கிறார்கள் என்றால், மீட்டிங் நாட்களைக் குறைக்கலாம். வாரம் மூன்று நாள் பேச்சு, மீதி இரண்டு நாள் குரூப்பில் மூன்று வரி எழுதினால் போதும். ஆனால் தினமும் விஷயம் இருக்கிறது, இடையில் யாரோ இருவரின் பிரச்னைக்குள் எல்லோரும் இழுக்கப்படுகிறார்கள் என்றால், நாட்களை விட்டுவிட்டு நேரத்தைக் குறைக்க வேண்டும்.

நம் டீமில் இரண்டாவது வகை. முதல் 15 நிமிடத்தில் 9 பேரும் நிலவரம் சொல்லி முடித்துவிடுகிறார்கள். மீதி 30 நிமிடம் ஏதோ ஒரு பிழையைப் பற்றி மூன்று பேர் பேச, ஆறு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே யோசனை இதுதான்: தினமும் நடக்கட்டும், ஆனால் 15 நிமிடத்தில் முடியட்டும். மேற்கொண்டு பேச வேண்டியவர்கள் மட்டும் அதே காலில் தங்கட்டும், மற்றவர்கள் கிளம்பலாம்.

டீம் ஸ்க்ரம் முறையைப் பின்பற்றினால் இதற்கு ஒரு துணையும் உண்டு. அந்த முறையின் அதிகாரபூர்வக் கையேடான 'ஸ்க்ரம் கைடு' தினசரிக் கூட்டத்துக்கு வைத்திருக்கும் அளவே 15 நிமிடம்தான். புதிதாக எதையும் கேட்கவில்லை, எழுதியிருப்பதைத்தான் கேட்கிறோம் என்று சொல்லலாம்.

கணக்கை எப்படிக் காட்டுவது?

மீட்டிங்கின் நீளம் 45 நிமிடம். அதன் விலை அதுவல்ல. தலைக்கணக்கோடு பெருக்க வேண்டும். 9 பேர், 45 நிமிடம், 5 நாள் என்றால் வாரத்துக்கு 2,025 நிமிடம், அதாவது 33.75 மணி நேரம். ஒருவருடைய முழு வார வேலை நேரத்துக்குக் கிட்டத்தட்ட நெருங்குகிறது. 15 நிமிடமாக்கினால் இதே கணக்கு 11.25 மணி. காகிதத்தில் மிச்சம் 22.5 மணி.

'காகிதத்தில்' என்ற வார்த்தையை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். இந்த 22.5 மணியை உங்கள் சோதனையின் வெற்றி என்று சொல்லிவிடக் கூடாது. மீட்டிங்கை வெட்டினால் மீட்டிங் நேரம் குறையத்தான் செய்யும். அதைக் கண்டுபிடிக்கச் சோதனை தேவையில்லை. கேள்வி வேறு: மீட்டிங் செய்துகொண்டிருந்த வேலை இப்போதும் நடக்கிறதா? வெட்டிய நேரம் வேறு வழியில் திரும்பி வந்துவிட்டதா?

அப்படியென்றால் எதை அளப்பது?

மூன்று போதும்.

முதலாவது, பேச்சில் போகும் மொத்த நேரம். ஸ்டாண்ட்-அப் மட்டுமல்ல, "ரெண்டு நிமிஷம் கால் வரலாமா?" என்று திடீரென நடக்கும் கால்களும் இதில் சேரும். காலண்டரில் இவை இருக்காது. ஒவ்வொருவரும் வெள்ளி மாலை தன் கால் ஹிஸ்டரியைப் பார்த்து வாரத்தின் மொத்தத்தைப் பெயரில்லாமல் ஒரு ஷீட்டில் போட்டால் போதும். ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது, தடை நீங்க ஆகும் நேரம். ஒருவர் வேலை நடுவே மாட்டிக்கொண்டு உதவி கேட்டதிலிருந்து, பதில் கிடைத்து மறுபடி நகர்வது வரை எத்தனை அலுவலக மணி நேரம் என்று பார்ப்பது. ஸ்டாண்ட்-அப்பின் அசல் வேலையே இந்தத் தடைகளை வெளியே கொண்டுவருவதுதான். மீட்டிங் சுருங்கியதால் இது நீண்டுவிட்டால், மிச்சம் பிடித்ததாகச் சொல்லும் நேரம் வெறும் கணக்கு.

இதில் சராசரியைப் பயன்படுத்தாதீர்கள், பள்ளியில் படித்த இடைநிலை அளவைப் பயன்படுத்துங்கள். ஒரு வாரத்தில் ஏழு தடைகள் 1, 2, 2, 3, 4, 5, 26 மணி நேரம் நீடித்தன என்று வைத்துக்கொள்வோம். சராசரி 6 மணிக்கு மேல் வரும். ஆனால் ஏழில் ஆறு தடைகள் 5 மணிக்குள் தீர்ந்திருக்கின்றன. வாடிக்கையாளரின் பதிலுக்குக் காத்திருந்த ஒரே ஒரு 26 மணி நேரம் மொத்தப் படத்தையும் மாற்றிவிடுகிறது. வரிசையில் நடுவே இருக்கும் 3 மணிதான் வழக்கமான நிலையைச் சொல்கிறது.

மூன்றாவது, தரம். 'முடிந்தது' என்று மூடிய டிக்கெட்டுகளில் எத்தனை மறுபடி திறக்கப்பட்டன? தகவல் சரியாகப் போய்ச் சேராதபோது முதலில் தெரியும் இடங்களில் இதுவும் ஒன்று. இதற்கான பதிவு டிக்கெட் கருவியிலேயே இருக்கும், பழைய வாரங்களுக்கும் எடுக்கலாம்.

முதல் இரண்டுக்கும் பழைய பதிவு இருக்காது. அதனால் சோதனைக்கு முன் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் அளக்க வேண்டும். இதைத் தவிர்க்கிறவர்கள்தான் அதிகம். பிறகு "முன்பைவிட நன்றாக இருக்கிறது" என்று சொன்னால், முன்பு எப்படி இருந்தது என்று கேட்கும்போது கையில் எதுவும் இருக்காது.

எந்த மாதத்தில் நடத்தலாம்?

இரண்டு வார ஸ்பிரிண்ட் என்றால், ஒரு ஸ்பிரிண்ட் அளப்பதற்கு, இரண்டு ஸ்பிரிண்ட் சோதனைக்கு. மொத்தம் ஆறு வாரம். சோதனையின் முதல் சில நாட்கள் தடுமாற்றமாக இருக்கும். அதை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்பதால்தான் நான்கு வாரம்.

ஒப்பிடும் வாரங்கள் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அளக்கும் வாரங்களில் பெரிய ரிலீஸ், சோதனை வாரங்களில் தீபாவளி விடுமுறை என்றால் எண்கள் எதையும் சொல்லாது.

அமெரிக்க வாடிக்கையாளர் இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். இந்தியாவில் மாற்றுவதில்லை. கோடையில் நியூயார்க்கின் காலை 10 மணி நமக்கு இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. நவம்பரில் அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அங்கிருந்து வர வேண்டிய பதில்கள் எல்லாமே நம் கணக்கில் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அந்தத் தேதி சோதனைக்கு நடுவே வந்தால், தடைகள் நீண்டது உங்கள் மாற்றத்தாலா, கடிகாரத்தாலா என்று பிரிக்க முடியாது. அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுவது நல்லது.

லீடுக்கு எப்படி எழுதுவது?

நீளமாக வேண்டாம். ஒரு திரையில் அடங்க வேண்டும். கீழே உள்ள மாதிரியை உங்கள் ஆபீஸ் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

> வணக்கம். காலை ஸ்டாண்ட்-அப்பில் ஒரு சின்ன மாற்றத்தை நான்கு வாரம் முயன்று பார்க்கலாமா என்று கேட்க எழுதுகிறேன்.
>
> காரணம்: கடந்த வாரம் குறித்துப் பார்த்ததில், 45 நிமிடத்தில் சுமார் 15 நிமிடம் எல்லோருக்கும் பொதுவானது. மீதியில் பெரும்பாலும் இரண்டு மூன்று பேருக்கான விவாதம். டீம் முழுவதும் சேர்த்தால் வாரத்துக்கு 33.75 மணி நேரம் ஆகிறது.
>
> மாற்றம்: தினமும் 15 நிமிடம். மேற்கொண்டு பேச வேண்டியவர்கள் மட்டும் தங்குவார்கள். 11 மணி அப்டேட்டுக்கு உங்களுக்குத் தேவையான நிலவரம் முதல் 15 நிமிடத்திலேயே வந்துவிடும். புதன் வாடிக்கையாளர் கால் மாறாது.
>
> அளவீடு: பேச்சில் போகும் மொத்த நேரம், தடை நீங்க ஆகும் நேரம், மறுபடி திறக்கப்படும் டிக்கெட். முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் அளப்போம். ஷீட்டை நானே பார்த்துக்கொள்கிறேன். தனி நபர் விவரம் எதுவும் அதில் இருக்காது.
>
> நிறுத்தும் விதி: தடை நீங்கும் நேரம் எந்த வாரத்திலாவது இரட்டிப்பானாலோ, தகவல் போய்ச் சேராததால் ஒரு ரிலீஸ் தள்ளிப்போனாலோ, மறுநாளே 45 நிமிடத்துக்குத் திரும்பிவிடலாம். நீங்கள் எப்போது சொன்னாலும் நிறுத்திவிடலாம்.
>
> நான்காவது வார இறுதியில் 20 நிமிடம் உட்கார்ந்து எண்களைப் பார்த்து, தொடர்வதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்யலாம்.

இதில் லீடுக்கு அதிகம் உதவுவது நிறுத்தும் விதி. தன் மேலாளர் கேட்டால் அவர் காட்டக்கூடிய வரி அதுதான். "தனி நபர் விவரம் இருக்காது" என்பது டீமுக்கான வரி. யார் எத்தனை மணி நேரம் காலில் இருந்தார் என்று கணக்கு போகிறது என்ற சந்தேகம் வந்தால், ஷீட்டில் உண்மையான எண்ணை யாரும் போட மாட்டார்கள்.

மெயிலைக் குரூப்பில் போடுவதற்கு முன் லீடிடம் தனியாகக் காட்டுங்கள். எல்லோர் முன்னாலும் திடீரென்று வந்தால், நல்ல யோசனைகூட அவர் நடத்தும் மீட்டிங்கைக் குறை சொல்வது போலத் தெரியும்.

எண்கள் வந்தாச்சு, எப்படிப் படிப்பது?

நம் எடுத்துக்காட்டு டீமுக்கு இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

அளக்கும் இரண்டு வாரங்களில் ஸ்டாண்ட்-அப் 33.75 மணி, திடீர் கால்கள் 8 மணி. வாரத்துக்கு மொத்தம் 41.75 மணி. சோதனை வாரங்களில் ஸ்டாண்ட்-அப் 11.25 மணி, திடீர் கால்களும் தங்கிப் பேசியதும் சேர்த்து 17 மணி. மொத்தம் 28.25. அதாவது காகிதத்தில் 22.5 மணி மிச்சம், கையில் 13.5 மணி. ஒருவருக்கு வாரம் ஒன்றரை மணி நேரம். மீதி 9 மணி வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. இதை மறைக்க வேண்டாம். அந்த 9 மணி, தேவைப்பட்டவர்கள் மட்டும் பேசிய நேரம். முன்பு அதைத்தான் எல்லோரும் உட்கார்ந்து கேட்டார்கள்.

தடை நீங்கும் நேரம் இடைநிலை 3 மணியாகவே இருந்தது. நல்லது.

சிக்கல் மூன்றாவது எண்ணில். முன்பு 40 டிக்கெட் மூடினால் 4 மறுபடி திறந்தன, அதாவது பத்து சதவீதம். சோதனையின் நான்கு வாரத்தில் மூடிய 84 டிக்கெட்டில் 13 திறந்தன, பதினைந்து சதவீதத்துக்கு மேல். சின்ன எண்கள் என்பதால் தற்செயலாகவும் இருக்கலாம். இந்த அளவில் சதவீதத்தை வைத்து வாதாடிப் பயனில்லை. 13 டிக்கெட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து படிக்க வேண்டும். அரை மணி நேர வேலை.

படித்தபோது, 6 டிக்கெட்டில் ஒரே கதை. ஸ்டாண்ட்-அப் முடிந்து தங்கிய இரண்டு டெவலப்பர்கள், திரை எப்படி நடக்க வேண்டும் என்பதை மாற்றி முடிவெடுத்திருக்கிறார்கள். டெஸ்டர்கள் அப்போது கிளம்பிவிட்டார்கள். பழைய விவரப்படி சோதித்து, தவறு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 45 நிமிடமும் சும்மா உட்கார்ந்திருந்தது போலத் தெரிந்த அந்த இரண்டு பேரும், உண்மையில் காதால் விவரம் சேகரித்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு மீட்டிங்கை மறுபடி நீட்ட வேண்டியதில்லை. ஒரு விதி போதும்: தங்கிப் பேசி ஏதாவது முடிவானால், அழைப்பை வைப்பதற்கு முன் அந்த டிக்கெட்டில் இரண்டு வரி எழுத வேண்டும், டெஸ்டரை டேக் செய்ய வேண்டும். சோதனையை இரண்டு வாரம் நீட்டித்து இதே எண்ணை மறுபடி பார்க்கிறார்கள். 41-ல் 4 என்று வந்தால், விதி வேலை செய்கிறது என்று கருதி மாற்றத்தை வைத்துக்கொள்ளலாம். 6 அல்லது 7 என்று வந்தால், டெஸ்டர்களும் தங்குவது பற்றிப் பேச வேண்டும்.

எங்கே இது வேலை செய்யாது?

டீமில் பாதிப் பேர் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்றால் இப்போது வேண்டாம். மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுத்தான் அவர்கள் வேலையைக் கற்கிறார்கள். அந்தக் கற்றல் மேலே சொன்ன மூன்று எண்களிலும் உடனே தெரியாது. வீட்டிலிருந்து வேலை செய்யும் டீமில், ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கும் ஒரே நேரம் ஸ்டாண்ட்-அப்பாக இருந்தாலும் யோசிக்க வேண்டும். அங்கே நான்காவதாக ஒரு கேள்வியை வெள்ளிக்கிழமை ஷீட்டில் சேர்க்கலாம்: "டீமில் என்ன நடக்கிறது என்று இந்த வாரம் உங்களுக்குத் தெரிந்ததா?" 1 முதல் 5 வரை ஒரு எண்.

இன்னொரு பழக்கம் எல்லா டீமிலும் வரும். 15 நிமிடம் இரண்டாவது வாரத்தில் 20 ஆகும், நான்காவது வாரத்தில் 30 ஆகும். காலண்டரில் மட்டும் 15 என்றே இருக்கும். அதனால் காலண்டரில் இருக்கும் நேரத்தை எழுதாதீர்கள், உண்மையில் முடிந்த நேரத்தைத் தினமும் குறித்துக்கொள்ளுங்கள். கூகுள் காலண்டரில் "Speedy meetings" என்ற அமைப்பு உண்டு. அதை இயக்கினால் புதிதாகப் போடும் 30 நிமிட மீட்டிங் 25 ஆகவும், 60 நிமிடம் 50 ஆகவும் தானாகவே வரும். ஆனால் அது அழைப்பிதழில் உள்ள நேரத்தைத்தான் மாற்றும். 15-வது நிமிடத்தில் "மீதியைத் தங்கிப் பேசலாம்" என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை வாரம் ஒருவர் என்று முறை வைத்து, சோதனை தொடங்கும் முன்பே ஷீட்டில் எழுதிவிடுங்கள்.